அறுபத்து நான்கு நாற்றுகள்

பதினொன்று நாற்பதுக்கு மின்சாரம் போனது. பசுமைக்குடிலின் விசிறிகள் நின்றன. மடிக்கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் 84.4 சதவீதம் என்றிருந்தது.

விண்ணரசி மூன்றாவது முறையாகக் கணக்கிட்டிருந்தாள். அதே எண்.

பேராசிரியர் ஹரிஹரசுப்ரமணியன் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"ஐம்பதுக்கு மேல போகாதும்மா."

"தெரியும் சார்."

"ரெண்டு மரபணு எவ்வளவு தள்ளியிருந்தாலும் மறுசேர்க்கை பாதியைத் தாண்டாது. இது எண்பத்து நாலு. விதை கலந்திருக்கு. பை மாறியிருக்கு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு இந்த மேசைக்கு வேற தட்டு வருது. இதெல்லாத்தையும் புடுங்கிப் போட்டுடச் சொல்லு. அம்சத்துகிட்டயும் சொல்லிடு. அடுத்த போகத்துலேருந்து கலப்பு வேலைக்கு வேற ஆள்."

போய்விட்டார்.

மேசையில் அறுபத்து நான்கு நெல் நாற்றுகள் இருந்தன. சிலவற்றின் அடித்தண்டு ஊதா. குடிலில் எல்லோரும் அதைக் கலர் என்பார்கள். மற்றவை பச்சை. எல்லாவற்றின் மேலும் குலைநோய்க் கிருமியைத் தெளித்து எட்டு நாள் ஆகியிருந்தது. சிலவற்றின் இலையில் கண் வடிவப் புள்ளிகள் விழுந்திருந்தன. சில எதிர்ப்போடு சுத்தமாக நின்றன.

கலரும் நோய் எதிர்ப்பும் ஒரே குரோமோசோமில் இருக்கின்றன. இரண்டும் ஒட்டியே போகுமானால், நாற்றங்காலில் கலரைப் பார்த்தே எதிர்ப்புள்ள நாற்றைப் பிரித்துவிடலாம். எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. எத்தனை நாற்றுகளில் பழைய ஒட்டு பிரிந்து புதுச் சேர்க்கை வந்திருக்கிறது என்ற கணக்குதான் மறுசேர்க்கை. இந்த ஆராய்ச்சியை ஜோஸ்வா தொடங்கினான். கலப்பு முடிந்ததும் ஹைதராபாத்தில் வேலை கிடைத்துப் போனான். நாற்றுகளும் கணினிக் கணக்குத் தாளும் திட்ட அறிக்கையும் விண்ணரசிக்கு வந்தன. இதைப் பிடுங்கினால் இரண்டு வருடம் போகும். உதவித்தொகை ஆறு மாதத்தில் முடிகிறது.

அம்சம் கூடையோடு உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயது. இந்தப் பண்ணையில் நெல் பூவைக் கத்தரித்து, மகரந்தப் பையை எடுத்து, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவி, காகிதப் பை மாட்ட அவளைவிட்டால் ஆள் இல்லை.

"சார் சொல்லிட்டுப் போனாரு. நான் பைய மாத்திட்டேனாம்ல?"

"அக்கா, நான் அப்படிச் சொல்லல."

"நீங்க இல்லன்னும் சொல்லல மேடம்."

விண்ணரசி மடிக்கணினியை மூடினாள்.

"பூவுக்கு ஒரு பை. பைக்கு ஒரு நம்பரு. ரேஷன் கார்டத் தொலைச்சிருக்கேன், பையத் தொலைச்சதில்ல." அம்சம் முதல் தட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு கலர் நாற்றின் கழுத்தைப் பிடித்தாள். இலை முழுக்கப் புள்ளி. "பாரு எப்படிக் கெடக்குன்னு. தாத்தன் மாதிரியே."

கை இழுக்கப் போனது.

"இருங்கக்கா. எந்தத் தாத்தன்?"

"கலர் தாத்தன்தான். ஒரு மழை பெஞ்சா போதும், மேலெல்லாம் புள்ளி. ஜோஸ்வா சார் மருந்து அடிச்சு அடிச்சுப் பூ வரைக்கும் கொண்டாந்தாரு."

"வேதாரண்யத்துக் கலருக்குக் குலைநோய் வராதே. அறிக்கையில அப்படித்தான இருக்கு?"

"வேதாரண்யமா?" அம்சம் சிரித்தாள். "அது புயல்ல நனைஞ்ச விதை. ஒண்ணும் மொளைக்கல. அப்புறம் சார் சீர்காழிக்கு ஓடி வேற கலரு வாங்கிட்டு வந்தாரு. அது நோஞ்சான். எதிர்ப்புக்குன்னு ஒரு பச்சையக் கொண்டாந்து அதோட சேத்தோம். உங்களுக்குச் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. அறிக்கையில் வேதாரண்யத்துக் கலரே பெற்றோராக இருந்தது. கணக்குத் தாளும் அதை வைத்தே போட்டது.

"எழுதினது ஏதாவது இருக்கா?"

அம்சம் எழுந்து போய், கத்தரியும் இடுக்கியும் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். அடியில் ஒரு சின்ன நோட்டு. ஜோஸ்வாவின் பென்சில் எழுத்து. தாய், பச்சை, எதிர்ப்பு உண்டு. தந்தை, சீர்காழி கலர், எதிர்ப்பு இல்லை. கீழே தேதி. அடுத்த பக்கத்தில் அந்த இரண்டின் பிள்ளையை, கலரும் எதிர்ப்பும் இரண்டுமே இல்லாத சாதா ரகத்தோடு சேர்த்த தேதி. அதில் கிடைத்தவைதான் மேசையில் நின்றன.

விண்ணரசி தரையில் உட்கார்ந்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்.

கலர், புள்ளி உண்டு: 28.
பச்சை, புள்ளி இல்லை: 26.
பச்சை, புள்ளி உண்டு: 6.
கலர், புள்ளி இல்லை: 4.

வேதாரண்யத்துக் கலரில் கலரும் எதிர்ப்பும் சேர்ந்தே இருந்ததால், கணக்குத் தாள் முதல் இரண்டு வரிகளைக் கூட்டி, அவைதான் மறுசேர்க்கை என்றது. ஐம்பத்து நாலு. அறுபத்து நாலால் வகுத்தால் 84.4. ஆனால் அந்த இரண்டும் பழைய சேர்க்கைகள். கலரோடு நோய், பச்சையோடு எதிர்ப்பு, தாத்தா பாட்டியிடம் இருந்தபடியே வந்தவை. அதனால்தான் அவை அதிகம். இரண்டு மரபணுக்களுக்கு நடுவே குரோமோசோம் அறுந்து மாறிக்கொண்டால்தான் புதுச் சேர்க்கை வரும். பக்கத்தில் இருப்பவற்றுக்கு அது எப்போதாவதுதான் நடக்கும். புதியவை ஆறும் நாலும். பத்து.

பத்து வகுத்தல் அறுபத்து நாலு. 15.6.

அவள் திரும்பவும் வகுத்தாள். 15.6.

"என்ன மேடம்?"

"பை மாறலக்கா. என் கணக்குதான் தலைகீழா இருந்துச்சு."

"அதத்தான் காலையிலேருந்து சொல்றேன்."

"இப்பதானக்கா வந்தீங்க?"

"மனசுல சொன்னேன்."

விண்ணரசி எழுந்து தட்டுகளுக்கு இடையே நடந்தாள். ஒன்பதாம் எண். இருபத்திரண்டு. நாற்பத்தொன்று. ஐம்பத்தெட்டு. அடித்தண்டு ஊதா. இலையில் ஒரு புள்ளியும் இல்லை. புயலில் நனைந்த வேதாரண்யத்து விதையில் இருந்த சேர்க்கை இங்கே புதிதாக உண்டாகி நின்றது. கலரும் எதிர்ப்பும் இனி சேர்ந்தே, குரோமோசோமின் ஒரே பிரதியில். சாதா ரகத்தோடு மறுபடி சேர்த்தால், வருகிற கலர் நாற்றுகளில் நூற்றுக்கு எண்பத்து நாலு எதிர்ப்போடு வரும். காலையில் தவறாக இருந்த எண் இங்கே சரியாக இருந்தது.

நான்கையும் அம்சம் தனித்தனி மண்சட்டிக்கு மாற்றினாள். வேர் அறாமல், மண்ணோடு. வெளியே அகவிக்கொண்டிருந்த மயிலைப் போல ஒருதரம் தானும் அகவினாள்.

மூன்று மணிக்குப் பேராசிரியர் வந்தார். பின்னால் இரண்டு பேர் புதுத் தட்டுகளைத் தூக்கி வந்தார்கள். மேசை காலியாகவில்லை.

விண்ணரசி நோட்டை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். பென்சில் தேதிகளை விரலால் தொட்டார். நான்கு வரிகளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"பழசும் புதுசும் இடம் மாறி இருந்திருக்கு" என்றார் மெல்ல. "பெரிய எண்ணு எதுன்னு பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நானே பாத்திருக்கணும்." பிறகு, "அறுபத்து நாலு செடிதான். பிழை எவ்வளவு வருது?"

"நாலரை சார். ஏழுலேருந்து இருபத்தஞ்சுக்குள்ள எங்க வேணா இருக்கலாம். ஆனா ஐம்பது இல்ல. அது நிச்சயம்."

"நிச்சயம்" என்றார். அவர் முகம் மலர்ந்தது. "அந்த நாலு எங்க?"

அவள் சட்டிகளைக் காட்டினாள். அவர் குனிந்தார். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தார். தட்டு தூக்கி வந்தவர்களை, வேறு இடத்தில் வைக்கும்படி கையாலேயே அனுப்பினார்.

அம்சம் முந்தானையைச் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். கூடை இடுப்பில் இருந்தது. காலி.

"எல்லாத்தையும் புடுங்கச் சொன்னீங்களே சார், எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"