மென்று காட்ட வேண்டிய மாத்திரை

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த சேதி. அப்படிப்பட்ட வாய், பேசியே ஆக வேண்டிய ஒரு நாளில் மட்டும் கம்மென்று இருந்துவிட்டது. ஆறு மாதமாக அவள் அதற்குத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள். முந்தின வாரமே நர்ஸம்மா வந்து ஆசிரியர்களை உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"மதியம் சாப்பிட்ட பிறகு குடுங்க. உங்க கண்ணு முன்னாடி நல்லா மென்னு முழுங்கணும். வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க, இல்லேன்னா கன்னத்துல அடக்கி வெச்சுத் துப்பிடுவாங்க. காய்ச்சல்னா அன்னைக்கு வேண்டாம். அடுத்த வாரம் விட்டுப்போனவங்களுக்கு ஒரு நாள் இருக்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் குடுக்கணும்."

"ஒரு தடவை குடுத்தா போதாதா?" என்று டீச்சர்தான் கேட்டாள்.

"இது வயித்துல இருக்கிற புழுவைத்தான் கொல்லும். நாளைக்கு மண்ணுல விளையாடிட்டு கை கழுவாம சாப்பிட்டா புதுசா வரும். அதைத் தடுக்காது."

இவ்வளவு தெளிவாகக் கேட்டுக்கொண்டவள்தான் தப்பு செய்தாள். அன்று சமையலறையில் காஸ் தீர்ந்துபோய்விட்டது. சாப்பாடு ஒன்றரைக்கு மேல் ஆகும் என்று சமையல்காரம்மா கையை விரித்தாள். ஹெட்மாஸ்டருக்கோ பன்னிரண்டு மணிக்கு வெளியே கூட்டம். அதற்குள் யார் யாருக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்ற படிவம் அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். டீச்சர் பதினொன்றரைக்கே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டாள். காலையிலும் சாப்பிடாமல் வந்தவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

வரிசையில் முதலில் நின்றது குருவி. எலும்பும் தோலுமான உடம்புக்கு வகுப்பே வைத்த பெயர் அது. சாக்பீஸ் தின்கிற பழக்கம் வேறு. கரும்பலகைக்குக் கீழே விழுகிற துண்டு ஒன்றுகூட மிஞ்சாது. டீச்சர் திட்டிப் பார்த்தாள், ஒளித்துவைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. புழு ரத்தத்தைக் குடித்துச் சோகை பிடித்த பிள்ளைகளுக்கு இப்படி மண், சாக்பீஸ் என்று தின்னத் தோன்றும் என்று நர்ஸம்மாதான் விளக்கினாள். அன்றிலிருந்து டீச்சர் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

குருவி மாத்திரையைக் கறுக் கறுக்கென்று மென்றாள். வாயை ஆவென்று திறந்து காட்டினாள். நாக்கு முழுக்க வெள்ளை. "நல்லா மென்னுட்டேன் டீச்சர்!" என்று பெருமையாகச் சொன்னாள்.

இருபது நிமிடத்தில் வாந்தி எடுத்தாள். வாந்தியோடு ஒரு நீளமான புழுவும் வந்து தரையில் கிடந்தது. பார்த்த பிள்ளைகள் அலறினார்கள். பயத்திலேயே பதினோரு பேருக்கு வாந்தி வந்தது. அரை மணி நேரத்தில் வாசலில் தாய்மார்கள் கூட்டம்.

நர்ஸம்மா ஓடி வந்து எல்லோரையும் பார்த்தாள். யாருக்கும் ஆபத்து இல்லை. வெறும் வயிறும் பயமும் சேர்ந்த குமட்டல் என்று டீச்சருக்குத் தெரியும்; மூன்று மணிக்கெல்லாம் எல்லோரும் ஓடியாடினார்கள். "சாப்பிட்டாங்கதானே?" என்று அவள் கேட்டபோது டீச்சர் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. நர்ஸம்மா ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்குப் போகாமல் வாசலுக்கு வந்த ஹெட்மாஸ்டர் தாய்மார்களிடம், "மாத்திரையிலதான் ஏதோ கோளாறு. நாங்க மேல எழுதிப் போடுறோம்" என்று சொன்னார். டீச்சர் பக்கத்தில்தான் நின்றாள். வேலை போய்விடும் என்று பயந்தாள். வாயைத் திறக்கவில்லை. அத்தோடு பழி முழுக்க மாத்திரை மேல் விழுந்தது.

குருவியின் மாத்திரை வாந்தியோடு போய்விட்டதால் அடுத்த வாரம் மறுபடி கொடுக்க வேண்டும் என்றாள் நர்ஸம்மா. குருவியின் அம்மா பிள்ளையை அனுப்பவே இல்லை.

ஆறு மாதம் ஓடிப்போயிற்று. மறுபடி மாத்திரை நாள் வந்தது. வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். வாங்கிக்கொண்டவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களின் வீட்டிலிருந்து ஒரே பதில்தான் வந்தது: அந்தக் கெட்டுப்போன மாத்திரை எங்கள் பிள்ளைக்கு வேண்டாம். குருவியின் உதடு இப்போது காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடப் படி நான்கு ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுகிறாள்.

மறுநாள் மாலை டீச்சர் குருவியின் அம்மா வேலை பார்க்கும் சலவைக் கடைக்குப் போனாள். போகும் வழியில் நான்கு தடவை திரும்பிவிடலாமா என்று நினைத்தாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு, "வாங்க டீச்சர்" என்றாள். டீச்சர் உட்காரவில்லை.

"மாத்திரை மேல தப்பு இல்லம்மா. சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே நான்தான் குடுத்துட்டேன். வெறும் வயித்துல. அதனாலதான் அப்படி ஆச்சு. நர்ஸம்மாகிட்ட காலையில சொல்லிட்டேன். ஹெட்மாஸ்டர்கிட்டயும் எழுதிக் குடுத்துட்டேன்."

அம்மா ஒரு சட்டையை எடுத்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"அன்னைக்கு வாசல்ல நான் உங்க முகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன் டீச்சர். அவர் சொன்னப்போ நீங்க சும்மா நின்னீங்க."

"பயந்துட்டேன்."

"அன்னைக்கு மாத்திரைல கோளாறுன்னீங்க. இன்னைக்கு நல்ல மாத்திரைங்கறீங்க. நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவீங்க. எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ளை."

"பிள்ளை வெளுத்துப் போயிருக்கா. ரத்தமாவது பாக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நானும் வரேன்."

"நாங்க பாத்துக்கறோம். நீங்க குடுக்கிறது எதுவும் அவ வாயில படக் கூடாது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த அம்மா மரியாதை குறையாமல் சொன்னதுதான் டீச்சரைக் கொன்றது. தெருவில் நின்று அழுதாள்.

விட்டுப்போனவர்களுக்கான நாள் வந்தது. இந்த முறை டீச்சர் சமையலறை வாசலிலேயே நின்று காவல் காத்தாள். பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தார்கள். அவள் வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஆறு வீடுகள் மனம் மாறியிருந்தன. அந்த ஆறு பேரும் மென்று, வாயைத் திறந்து காட்டி, விளையாட ஓடினார்கள். ஒருவருக்கும் குமட்டவில்லை.

குருவி தட்டைக் காலி செய்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் கையில் மாத்திரை. பொடித்துத் தண்ணீரில் கலக்கி, சர்க்கரைத் தண்ணீர் என்று நீட்டினால் குடித்துவிடுவாள். ஒரு நிமிட வேலை, யாருக்கும் தெரியாது. டீச்சரின் விரல்கள் அந்த மாத்திரையை ஒரு தடவை அழுத்தியும் பார்த்தன. மறுபடியும் ஒரு பொய்யா? இந்தப் பிள்ளைக்கே இன்னொன்றா? மாத்திரையை டப்பாவில் திருப்பிப் போட்டாள்.

"குருவி, உனக்கு மாத்திரை வேணுமா? வேணும்னா சாயங்காலம் உங்கம்மாவைக் கேட்டுட்டு வா. நான் இங்கயே இருப்பேன்."

"அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்."

டீச்சர் படிவத்தை எடுத்து அவள் பெயருக்கு நேரே 'பெற்றோர் மறுப்பு' என்று எழுதினாள். அடுத்த சுற்று வர இன்னும் ஆறு மாதம். அதற்குள் அந்த அம்மாவின் கடைக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்குமோ தெரியவில்லை. நாளைக்கே போவது என்று முடிவு செய்தாள்.

முதுகுக்குப் பின்னால் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டது. திரும்பினாள். கரும்பலகைக்குக் கீழே குருவி நின்றுகொண்டிருந்தாள். அகப்பட்டுக்கொண்டோம் என்று ஒரு கணம் திகைத்தாள். டீச்சர் திட்டவில்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. கற்றுக்கொடுத்தது போலவே வாயை ஆவென்று திறந்து காட்டினாள். நாக்கு முழுக்க வெள்ளை.

"நல்லா மென்னுட்டேன் டீச்சர்."