கடைசி வரியில் ஒரு டிக்

கல்லூரி பியூன் சடையன் தண்டவாளத் துண்டில் அடித்த அடியில் ஆசிரியர் அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மணி நாலு. வழக்கமாக அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கணிதப் பேராசிரியர் சகாதேவன் பாதி மைதானத்தைத் தாண்டியிருப்பார். நாலு ஐந்துக்கு வரும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்தே முக்காலுக்குத்தான். இன்று அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

“மணி அடிச்சும் உக்காந்திருக்கீங்களே சார், மலையில மழை கொட்டப் போவுது” என்றாள் எதிர் மேஜை ஜோதியம்மாள். அவளும் கணிதத் துறைதான். அவரோடு பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள்; கிண்டலுக்கு உரிமை உண்டு.

சகாதேவன் இரண்டு விடைத்தாள்களை அவள் பக்கம் தள்ளினார். ஒன்று பொன்னியுடையது, இன்னொன்று அர்ஜுனனுடையது. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், மாதிரித் தேர்வு, எட்டாம் கேள்வி. மற்ற இருபது பேரும் சாய்ஸில் விட்ட கேள்வியை இவர்கள் இருவர் மட்டும் எழுதியிருந்தார்கள். இரண்டும் தவறு. தவறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே தவறு. வரிக்கு வரி.

கேள்வி சின்னதுதான். y'' + 4y = 8x என்கிற சமன்பாட்டுக்குத் தீர்வு காண வேண்டும். ஆரம்ப நிபந்தனை இரண்டு: x பூஜ்யமாக இருக்கும்போது y ஒன்றாக இருக்க வேண்டும், y' நாலாக இருக்க வேண்டும். விடை cos 2x + sin 2x + 2x. இவர்கள் இருவரும் sin-க்கு முன்னால் ஒரு 2 போட்டிருந்தார்கள்.

“அது கூடப் பொறுத்துக்குவேன்மா. கீழ பாருங்க. சரிபார்த்தல்னு தலைப்புப் போட்டு அடிக்கோடு வேற” என்றார்.

ஜோதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தீர்வைச் சமன்பாட்டிலேயே திருப்பிப் போட்டிருந்தார்கள். இடமும் வலமும் 8x என்று அழகாக வந்திருந்தது. பூஜ்யத்தில் y ஒன்று, அதுவும் சரி. மூன்றாவது வரியில் y' = 4 என்று மொட்டையாக எழுதி, பக்கத்தில் ஒரு டிக். இருவருக்கும் அதே இடத்தில் அதே டிக். உண்மையில் வகையிட்டுப் பார்த்தால் அங்கே வருவது ஆறு.

“பொய்க் கணக்குக்கு டிக் ஒரு கேடு” என்றார் சகாதேவன். பிரின்சிபாலுக்கு எழுதிய கடிதம் மேஜையில் மடித்தபடி கிடந்தது. காப்பி அடித்தது உறுதியானால் இருவருக்கும் ஏப்ரல் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பொன்னியின் அப்பா முருகையன், அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் போடுகிறவர். ஒரு வருஷம் போனால் மறு வருஷம் படிக்க அனுப்பமாட்டேன் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டுப் போனவர். அதை நினைத்தால் சகாதேவனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. எப்படி இருந்திருக்க வேண்டிய பெண்!

“பொண்ணு ஒரு ஹால், பையன் ஒரு ஹால். சுவத்துல ஓட்டை போட்டா காப்பி அடிச்சாங்க?” என்று கேட்டாள் ஜோதியம்மாள்.

அதைத்தான் அவர் இரண்டு நாளாகத் துருவிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்த ஆளை விசாரித்தார். சடையனை விசாரித்தபோது அவன் முகம் சுளித்தான். ஒன்றும் தேறவில்லை. அதனால்தான் இன்று பஸ்ஸை விட்டுவிட்டு இருவரையும் வரச் சொல்லியிருந்தார்.

பொன்னி முதலில் வந்தாள். அர்ஜுனனை வெளியே வராந்தாவில் நிற்கச் சொன்னார். அறையிலிருந்த சின்னக் கரும்பலகையில் அப்போது தோன்றிய ஒரு கணக்கை எழுதினார்: y'' + 9y = 27x. பூஜ்யத்தில் y பூஜ்யம், y' ஆறு. இதை உலகத்தில் யாரும் அவளுக்கு முன்கூட்டிக் கொடுத்திருக்க முடியாது.

பொன்னி மளமளவென்று போட்டாள். வலப்பக்கம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஒரு தீர்வு எடுத்தாள். ஆரம்ப நிபந்தனைகளை உடனே அதில் போட்டு 2 sin 3x என்றாள். அதற்குப் பிறகு, 27x-க்காக ஒரு 3x-ஐக் கொண்டுவந்து கூட்டினாள். சரிபார்த்தல் என்று எழுதி அடிக்கோடு இட்டாள். சமன்பாடு பொருந்தியது. y பூஜ்யம் பொருந்தியது. y' = 6 என்று எழுதி டிக் போட்டுவிட்டுச் சாக்பீஸை வைத்தாள்.

பலகையைத் துடைத்துவிட்டு அர்ஜுனனைக் கூப்பிட்டார். பொன்னியை மூலையில் நிற்க வைத்தார். அவனும் அதே வரிசை, அதே 2, அதே டிக்.

காப்பி இல்லை. அப்படியென்றால் இரண்டு மண்டைகளுக்குள் ஒரே கோணல் எப்படிப் போய் உட்கார்ந்தது?

“நிபந்தனையை முழுத் தீர்வுலதானே போடணும்? 3x-ஐச் சேர்க்கறதுக்கு முன்னாடியே எவன் போடச் சொன்னான் உங்களுக்கு?” என்று அதட்டினார்.

பொன்னி பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்து, அவர் முன்னால் மெதுவாக வைத்தாள். ஜனவரி ஆறு, எப்போதும்போல் கடைசிப் பீரியடு. அவர் போட்ட உதாரணம்: y'' + 4y = 4x² + 2, பூஜ்யத்தில் y ஒன்று, y' இரண்டு. முதலில் cos 2x + sin 2x. நிபந்தனைகள் அங்கேயே முடிந்துவிட்டன. அதற்கப்புறம்தான் x² வந்து சேர்ந்திருந்தது. அவசரத்தில் அவரே அந்த வரிசையில் போட்டிருக்கிறார்.

ஆனால் விடை சரி. சகாதேவன் மறுபடி பார்த்தார், விடை சரிதான். ஏனென்றால் x² பூஜ்யத்தில் பூஜ்யம். அதன் வகைக்கெழு 2x-உம் பூஜ்யத்தில் பூஜ்யம். நிபந்தனையை முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் அந்தக் கணக்கில் ஒன்றும் கெடாது. 2x-உம் 3x-உம் அப்படியில்லை. அவற்றின் வகைக்கெழு பூஜ்யத்திலும் இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கிறது. ஆறு என்று பொன்னி டிக் போட்ட இடத்தில் அதனால்தான் ஒன்பது உட்கார்ந்திருந்தது.

ஜோதியம்மாள் நோட்டை எட்டிப் பார்த்தாள். இந்த முறை கிண்டல் செய்யவில்லை. அதுவே அவருக்கு அதிகமாகச் சுட்டது.

மடித்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். யார் மேல் எரிச்சல்படுவது என்று தெரியவில்லை. எரிச்சல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

“சரி, வரிசை என் தப்பு. ஒத்துக்கறேன்” என்றார். குரல் இன்னும் கரகரத்தது. “தப்பா வந்தாலும் புடிக்கத்தானே சரிபார்க்கச் சொல்றேன்? மூணாவது வரியை ஒரு தடவை வகையிட்டுப் பார்த்திருந்தா நாலு வரல, ஆறு வருதுன்னு தெரிஞ்சிருக்குமே. கேள்வியில இருக்கறதை அப்படியே எழுதி டிக் போடறது என்னம்மா பழக்கம்?”

பொன்னி நோட்டின் அந்தப் பக்கத்தை, அதற்கு முந்தின பக்கத்தை, அதற்கும் முந்தினதைப் புரட்டிக் காட்டினாள். எல்லாக் கணக்கின் அடியிலும் அவர் பலகையில் எழுதியதன் நகல். மூன்றாவது வரி, மொட்டையாக, பக்கத்தில் ஒரு டிக்.

“அந்த வரியை நீங்க வகையிட்டுக் காட்டி நாங்க பார்த்ததே இல்லீங்க சார்” என்றாள் அவள். “அதுக்குள்ள உங்க பஸ் வந்துடும்.”