பழைய பாக்கி

பால் சேகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு முப்பத்திநாலுதான் கிடைத்தது. கடையில் பாக்கெட் பால் ஐம்பத்தாறு. தீவனம், பெட்ரோல் எல்லாம் கணக்குப் போட்டு, ஐம்பது என்று விலை வைத்து வீடுகளுக்கே ஊற்றத் தொடங்கினாள் பால்காரி. மூன்று மாடு, இருபத்திரண்டு வீடு. ஆறரைக்குள் சுற்றி முடித்துவிடுவாள்.

தையல்காரர் வீடுதான் தலைவலி. தினம் ஒரு லிட்டர்; இரண்டு மாதமாகக் காசு வரவில்லை. மூவாயிரம் நின்றது. தீவனக் கடைக்காரர் கடன் தர மறுத்த மறுநாள், இன்றோடு நிறுத்திவிடுவது என்ற முடிவோடு அங்கே போனாள்.

கதவைத் திறந்த தையல்காரர் தலைகுனிந்தார். "பள்ளிக்கூடத்துக்கு நூறு சீருடை தைச்சுக் குடுத்தேம்மா. இன்னும் காசு தரல. உங்க முகத்தப் பாக்கவே கூச்சமா இருக்கு."

காசு வராத வலி அவளுக்குத் தெரியாததா? நிறுத்த வந்தவள் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டாள்.

"அண்ணே, இனிமே அரை லிட்டர் வாங்குங்க. அதுக்கு அன்னன்னைக்கே காசு. பழசுக்கு வாரம் அறுநூறு. முடியுமா?"

"சில்லறைத் தையல் கூலில குடுத்துடறேம்மா" என்று அவர் சட்டைப் பையைத் துழாவி இருபத்தைந்தை எடுத்து நீட்டினார்.

ஐந்தாவது வாரம் பாக்கி தீர்ந்தது. சேதி தெரிந்து எதிர்வீட்டு அக்கா, "எங்களுக்கும் வாரக் கணக்கே வச்சுக்கயேன். மாசக் கடைசில மொத்தமா குடுக்க மலைப்பா இருக்கு" என்றாள். ஒவ்வொரு வீடாக அப்படியே மாறியது. அந்த மாதம் தீவனத்தை ரொக்கம் கொடுத்து வாங்கினாள் பால்காரி.