கொடி வைத்த ஒன்று

எங்கள் நாட்டில் ஏழு இலக்க அஞ்சல் குறியீடு வந்து ஓராண்டுகூட ஆகாத குளிர்காலம் அது. அதுவரை மூன்று இலக்கமோ ஐந்து இலக்கமோ எழுதிப் பழகிய சனங்கள், வீட்டில் கட்டுக்கட்டாக மிச்சமிருந்த ஐந்து கட்ட உறைகளை எறிய மனமில்லாமல் ஏழு எண்களையும் அதற்குள்ளேயே திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் இரண்டு எண், சில மகராசர்கள் மூன்று. பிரிக்கும் இயந்திரம் அவற்றைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ளும். உடனே உறையின் படம் மினோசாகி அஞ்சலகத்தின் இரண்டாம் மாடிக்கு, எங்கள் திரைக்கு வரும்.

நாங்கள் பதினொரு பெண்கள். திரையில் முதலில் எண் பட்டை மட்டும் தோன்றும். பார்த்துத் தட்ட வேண்டும். அது போதாவிட்டால்தான் முழு முகப்பும் வரும். பின்பக்கம் வரவே வராது. அனுப்புநர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் உறையின் முதுகில் இருக்கும், எங்களுக்கோ முகம் மட்டும்தான். நாங்கள் தட்டிய எண்ணை இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத மையில் கோடுகளாக உறைமேல் அடித்துவிடும். அதன்பின் எந்த ஊரின் இயந்திரமும் கையெழுத்தைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும்.

நான் தட்டும் வேகத்தில் விசைப்பலகையிலிருந்து புகை வரும் என்று கட்டடக் காவலர் இரண்டு முறை தீயணைப்பு வாளியோடு ஓடிவந்திருக்கிறார். ஒருமுறைதான் என்று இகுரா சொல்வாள். அவள் பொறாமைக்காரி. பக்கத்து மேசையில் பதினாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்?

ஜனவரி பத்தாம் தேதிவாக்கில் எனக்கும் அவளுக்கும் போட்டி. ஒரு மணி நேரத்தில் அதிகம் தட்டுபவளுக்கு மற்றவள் சிவப்புப் பயறு இனிப்பு ஒரு பெட்டி வாங்கித் தர வேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு பட்டை வந்தது. நீல மசி, ஐந்து கட்டத்தில் ஏழு எண். ஒன்பது. அடுத்தது ஒன்றா, ஏழா? உச்சியில் சின்னக் கொடி பறந்தது. எங்கள் பக்கத்தில் ஒன்று என்றால் வெறுங்கோடு. அதற்கு யாரும் கொடி கட்டுவதில்லை. சந்தேகம் வந்தால் "தெரியவில்லை" விசையை அழுத்தி, கையால் பிரிக்கும் மேசைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அப்படி அனுப்பிய உறை கணக்கில் சேராது. ஏழு என்று தட்டினேன். ஓர் உறை வித்தியாசத்தில் வென்றேன். இனிப்பு அபாரமாக இருந்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஒகித்சுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தேழு வயது, மனைவி இறந்து ஆறாண்டு. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர். விதிப்புத்தகத்தை அவர் மனப்பாடம் செய்தாரா, புத்தகம்தான் அவரைப் பார்த்து எழுதப்பட்டதா என்று எங்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நகசே ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் இரண்டு ஆண்டுகளில் நான்கு கண்ணாடி வாங்கியிருந்தார். இருந்தது இரண்டே கண். கடை நடத்துபவர் ஒரு விதவை என்பதை ஆண்டிறுதி விருந்தில்தான் அறிந்தோம். மூன்றாவது கோப்பை சாக்கே உள்ளே போனதும் அவராகவே உளறினார்.

"நேத்து அவங்களுக்குக் கடிதம் போட்டேன். சேர்ந்து வாழலாமான்னு கேட்டுட்டேன்."

இகுரா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஐயோ தலைவரே! நேர்ல கேக்க வாய் இல்லையா? நாலு தடவை போயிட்டு வந்தீங்களே!"

"கண் பரிசோதனை பண்றப்போ எப்படிம்மா கேக்கறது? தாடைய அசைக்காதீங்கன்னு சொல்லுவாங்க."

"சரி, பதில் எப்ப வரும்?" என்றேன்.

"இஷ்டம் இல்லைன்னா எழுத வேண்டாம்னு எழுதியிருக்கேன். வேண்டாம்னு எழுத வச்சு அவங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதுல்ல? ஜனவரி முழுக்கப் பாப்பேன். வரலைன்னா அதுதான் பதில்."

"உலகத்துலேயே மோசமான கடிதம் அதுதான்," என்றாள் இகுரா. "இத்தனை வருஷம் தபால் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு, தபால் மேல இவ்வளவு நம்பிக்கையா?"

ஜனவரி போயிற்று. பதில் வரவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில், முன்கூட்டியே ஓய்வுபெறும் விண்ணப்பம் அவர் மேசையில் கிடப்பதை நாங்கள் பார்த்தோம். கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் முத்திரை மட்டும்தான் பாக்கி. வீட்டைக் கொடுத்துவிட்டுத் தெற்கே மகனிடம் போகிறாராம், வெள்ளிக்கிழமை முத்திரை வைக்கப் போகிறாராம். வழக்கமான சால்மன் சோற்றுருண்டையைப் பாதி தின்றுவிட்டுப் பாதியை மடித்து வைத்தார். அதைப் பார்த்ததும் எங்கள் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

வியாழக்கிழமை பிற்பகல் என்னை முகவரி தெரியாத உறைகளின் மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கே வரும் ஒவ்வோர் உறையையும் பதிவேட்டில் படியெடுக்க வேண்டும். முகப்பில் உள்ளதை உள்ளபடி, முதுகில் உள்ளதை உள்ளபடி, எண்ணுக்கு எண். அழிந்த எழுத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம். ஊகம் கூடாது. பிறகு ஒருவர் உறையைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்ப்பார். சரியென்றால் உறை அனுப்புநருக்கே திரும்பிவிடும். எங்கள் நாட்டில் பத்து வரிப் பட்டியல் என்றாலும் இரண்டு பேர் இப்படிப் படித்துப் பார்க்காமல் தூக்கம் வராது.

ஏழாவது உறை பரிதாபமாக இருந்தது. பனிநீர் ஊறிய பைத்துணியில் முகம் ஒட்டிக் கிடந்திருக்கிறது; நீல மசி கரைந்து குளமாகிவிட்டது. முகப்பில் மிஞ்சியது ஊர்ப் பெயரும், பேரின் இரண்டாவது எழுத்தும், கட்டத்தில் எண்களும்தான். எங்கள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு, அந்த எழுத்துக்குப் பொருள் படகுத் துறை. மூன்று இடங்களில் வேற்றூர் முத்திரை. மலையைத் தாண்டி எதிர்க்கடல் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போயிருக்கிறது. அங்கே யாரோ நல்லவர் "இது மினோசாகிக்கு" என்று மறுபடி இயந்திரத்தில் போட்டிருக்கிறார். இயந்திரம் கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பார்த்து அங்கேயே திருப்பி அனுப்பியிருக்கிறது. இப்படி மூன்று முறை. கடைசியில் யாரோ இயந்திரத்தை நம்பாமல் கையாலேயே எங்கள் பைக்குள் போட்டு அனுப்பியிருக்கிறார். எங்கள் தொகுதி உறுப்பினர்கூட அவ்வளவு பயணம் செய்ததில்லை.

ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன். கோடுகள் ஒளிர்ந்தன: ஒன்பது, ஏழு, இரண்டு. எங்கள் ஊருக்கோ ஒன்பது, ஒன்று, இரண்டு. எவளோ ஒரு அறிவுகெட்டவள் தப்பாகத் தட்டியிருக்கிறாள் என்று வாய்விட்டே திட்டினேன்.

உறையைத் திருப்பினேன். முதுகு நனையவில்லை. மடிப்பு ஒட்டிய இடத்தில் மூடியதற்கு அடையாளமாக இட்ட குறி, ஜனவரி எட்டு என்ற தேதி, இடப்பக்கம் அனுப்புநர் வரிகள். முகவரி, பெயர், அதற்கு மேலே குறியீடு: ஒன்பது, ஒன்று, ஏழு. அந்த ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு இருந்தது. பக்கத்தில் இருந்த ஒன்றின் உச்சியில் சின்னக் கொடி.

இவர் கையில் ஏழு என்றால் இடுப்புப் பட்டை, ஒன்று என்றால் கொடி. அப்படியானால் முகப்பில் பட்டை இல்லாமல் கொடியோடு நிற்பது ஒன்று. அந்தக் கொடி! பயறு இனிப்பின் ருசி ஒரு மாதம் கழித்துத் தொண்டையில் ஏறியது. அறிவுகெட்டவள் நான்தான்.

படியெடுத்து முடித்தேன். அப்போதுகூட எனக்குப் பெயர் உறைக்கவில்லை. கோடிக்கணக்கில் எண் தட்டியவளுக்குப் பெயர் வெறும் அலங்காரம். சரிபார்க்க ஒகித்சு வந்து எதிரே உட்கார்ந்தார், பென்சிலைத் தீட்டிக்கொண்டார்.

"ம், படிங்க நோஜிரி சான்."

"முகப்பு. குறியீடு ஒன்பது, ஒன்று, இரண்டு…" என்று தொடங்கினேன். "மினோசாகி நகரம். தெரு அழிவு. வீட்டெண் அழிவு. பெயர், முதல் எழுத்து அழிவு, இரண்டாவது எழுத்து 'துறை'. மற்றது அழிவு."

"சரி."

"முதுகு. ஜனவரி எட்டு. ஒன்பது, ஒன்று, ஏழு. பூஜ்யம், பூஜ்யம், ஏழு, ஒன்று. நகசே ஊர், மேல் கடைத்தெரு, நான்கு, பன்னிரண்டு. செரிசாவா கண்ணாடிக் கடை. செரிசாவா குனிகோ."

"சரி" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பென்சில் முனை பதிவேட்டின் கடைசிப் பெயர்மேல் நின்றுவிட்டிருந்தது.

"இன்னொரு தடவை படிங்க," என்றார்.

படித்தேன். இந்த முறை எனக்கே காதில் விழுந்தது. துறைக்கு உரிய எழுத்தைப் பெயரில் 'த்சு' என்று வாசிப்போம். ஒகித்சு.

"தலைவரே! இது உங்களுக்கு! பிரிங்க, சீக்கிரம் பிரிங்க!"

மற்ற பத்துப் பெண்களும் நாற்காலியோடு உருண்டு வந்துவிட்டார்கள். ஒகித்சு உறையைத் தொடவில்லை.

"இங்க நான் அலுவலர். முகவரிக்காரன் வீட்டுல இருக்கான்."

"அவனுக்கு எங்க சார்புல ஒரு குட்டு வைங்க," என்றாள் இகுரா. "வேண்டாம்னா எழுதாதீங்கன்னு சொன்னது நீங்க. எழுதியிருக்காங்க. உள்ள என்ன இருக்கும்னு இன்னுமா புரியல?"

"விலைப்பட்டியலாக்கூட இருக்கலாம்," என்றார். காது மட்டும் சிவந்திருந்தது. "முகவரி தெரிஞ்சா பட்டுவாடாவுக்குப் போகணும். அதான் விதி. பழைய கோட்டுமேல வெள்ளைத்தாள் ஒட்டுங்க. மறுபடி இயந்திரத்துல போடுங்க."

அப்போதுதான் சொன்னேன். போட்டி, கொடி, இனிப்பு, எல்லாவற்றையும். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் உறையின் முதுகில் இருந்த ஒன்றைப் பென்சில் முனையால் காட்டினார்.

"அவங்க கடைல கண்ணாடி வில்லை எல்லாம் ஜெர்மனில இருந்து வரும்," என்றார் மெதுவாக. "அட்டைல ஒண்ணு இப்படித்தான் கொடியோட இருக்கும். அதைப் பாத்துப் பாத்து அவங்களும் அப்படியே எழுதுவாங்க, நாலு ரசீது வச்சிருக்கேன். கொடியைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க 'தெரியலை' விசைய அழுத்தியிருந்தா கைமேசைக்கு வந்திருக்கும். அதுக்குத்தான் அந்த விசை."

"ஆமாம் தலைவரே."

"இனிப்பு எந்தக் கடை?"

சொன்னேன். ஒரு பெட்டி அபராதம் விதித்தார்.

வெள்ளைத்தாள் ஒட்டி, தெருவையும் எண்ணையும் பக்கத்தில் எழுதி, உறையைக் கீழே அனுப்பினோம். இயந்திரம் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டது. நான் என் இடத்துக்குத் திரும்பியதும் பட்டை என் திரைக்கே வந்தது. புகை இல்லை. ஒற்றை விரலால், ஒவ்வோர் எண்ணுக்கும் மூச்சு விட்டு, ஒன்பது, ஒன்று, இரண்டு என்று தட்டினேன்.

"இந்த வேகத்துல அவங்க கல்யாணத்துக்குள்ள முடிச்சிருவியாடி?" என்றாள் இகுரா.

அன்று மாலை ஒகித்சு தம் வாழ்நாளின் முதல் விடுப்பு விண்ணப்பத்தை எழுதினார். வெள்ளி காலை அரை நாள். காரணம் என்ற இடத்தில் "தபாலுக்குக் காத்திருக்க" என்று போட்டிருந்தார்.

மறுநாள் ஒரு மணிக்குத் தொப்பியில் பனியோடு வந்தார். கண்ணில் கண்ணாடி இல்லை. நேராக மேசைக்குப் போய் ஓய்வு விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"தலைவரே, கண்ணாடி எங்க?"

"வீட்டுல, கடிதத்து மேல இருக்கு. திரும்பித் திரும்பிப் படிச்சதுல மறந்துட்டேன்." தடவித் தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "பரவாயில்ல. ஞாயித்துக்கிழமை அஞ்சாவது வாங்கப் போறேன்."

திருமணம் வசந்தத்தில் நடந்தது. நாங்கள் பதினொரு பேரும் ஒரு மாடு தின்னும் அளவு தின்றோம். இரண்டாம் மாடி அறை இப்போது இல்லை. இயந்திரமே கிறுக்கலையும் படித்துவிடுகிறதாம். படிக்கட்டும். ஆண்டுதோறும் அந்தத் தம்பதியிடமிருந்து எனக்குப் புத்தாண்டு அட்டை வருகிறது, முகவரி அந்த அம்மாள் கையெழுத்தில். என் வீட்டுக் குறியீட்டிலும் ஓர் ஒன்று உண்டு. மற்றவர்களின் அட்டைகள் முதல் தேதியே வந்து சேரும், இது நான்காம் தேதிதான் வரும். ஊதா விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அட்டையை அதன் அடியில் பிடித்து, கொடியை ஏழென்று படித்த அந்த அறிவுகெட்ட இயந்திரத்தை வாயாரத் திட்டிவிட்டு, ஒரு பயறு இனிப்பைக் கடித்துக்கொள்வேன்.