கொடியில் காய்ந்த நப்பிகள்

அடுத்த வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று பார்ப்பது குற்றம் என்றால், எங்கள் தீவில் பாதிப் பெண்கள் மறியற்சாலையில் இருக்க வேண்டும். கொடியைப் பார்த்தால் போதும், வீட்டில் யார் வந்திருக்கிறார்கள், யார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள் எல்லாம் தெரியும். அம்பலவாணர் வீட்டுக் கொடி என் குசினி யன்னலுக்கு நேரே. அதில் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது நப்பித் துணி காயும். அவருடைய பேத்தி ஆரபிக்கு ஒன்றரை வயது. பம்பஸ் கட்டினால் சூடு என்று அம்பலவாணர் விடமாட்டார். மருமகள் கஜனிதான் துவைத்துச் சாக வேண்டும்.

மகன் சிவகரன் கேகாலையில் கடை வைத்திருக்கிறான். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வருவான். அம்மன் கோயில் பரிபாலன சபையில் அம்பலவாணர் இருபது வருடமாகத் தலைவர். வேறு யாரும் கேட்காததால் தலைவர் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்வதில்லை.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை ஆரபிக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளி சோறு வேண்டாம் என்றது, பால் வேண்டாம் என்றது, சட்டை நனைய வீணீர் வடித்தது. சனி காலையில் கஜனி வேலியடிக்கு வந்து, "சத்தியபாமா அக்கா, ஒருக்கா வந்து பாருங்கோ, பிள்ளைக்கு என்னவோ போட்டிருக்கு" என்றாள்.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஓலைவேலி. அதில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு உண்டு. அதற்குள்ளால் போனேன். பிள்ளையின் உள்ளங்கையில் பயறளவில் சிவந்த கொப்பளங்கள். உள்ளங்காலிலும் அப்படியே. நாக்கிலும் உதட்டு உள்பக்கத்திலும் புண். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நெஞ்சும் முதுகும் துடைத்த கோப்பை மாதிரி இருந்தன. இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்:

"உது அம்மாள் வந்திருக்கிறா. கொப்பளிப்பான்."

அம்பலவாணர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அரை மணித்தியாலத்தில் படலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மாள் வந்த வீட்டில் மருந்தில்லை, தாளிதமில்லை, குளிப்பில்லை. வேப்பிலைத் தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளை படலை தாண்டக்கூடாது. அம்மாள் எங்கே வருவது என்று யோசித்துத்தானே வருவா, தலைவர் வீட்டுக்கு வராமல் வேறெங்கே வருவா என்று எனக்குத் தோன்றியது. இறங்குதுறைக்குப் போன இடத்திலும், சங்கக்கடையிலும், இரண்டு மூன்று வீட்டிலும் சும்மா சொல்லிவைத்தேன்.

அம்மாளுக்குக் குளிர்மை வேண்டும். அம்பலவாணர் ஊர்காவற்றுறையிலிருந்து தோடம்பழம் எடுப்பித்தார். தானே பிழிந்து, தானே சங்கால் பருக்கினார். பிள்ளை கத்திய கத்தில் என் கோழிகள் மரத்தில் ஏறின.

"அம்மாளின்ரை வேகம்" என்றார் அவர்.

"வாய்ப் புண்ணிலை புளி எரியுது மாமா" என்றாள் கஜனி.

"உனக்கு அம்மாளை விடத் தெரியுமோ?"

அதற்குப் பிறகு பிள்ளை எதற்கும் வாய் திறக்கவில்லை. தண்ணீர்க் கோப்பையைக் கண்டாலே இரண்டு கையாலும் வாயைப் பொத்தியது. கஜனியின் அலுமாரியில் காய்ச்சலுக்கான பனடோல் பாணி இருந்தது. அம்பலவாணர் அலுமாரித் திறப்பைத் தன் மடியில் முடிந்துகொண்டார்.

கொடியில் சனிக்கிழமை ஐந்து நப்பி. ஞாயிறு மூன்று. கஜனிக்கு வேலை குறைந்ததே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை குடும்பநல உத்தியோகத்தர் நிமலினி வருகிற நாள். நாங்கள் மிஸ் என்போம். ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கிறிஸ்தவக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. காலை வள்ளத்தில் வந்து, சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுப்பா. அம்பலவாணர் படலையிலேயே மறித்துவிட்டார்.

"மிஸ், அம்மாள் வந்த வீடு. குறை நினையாதேயும்."

"பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டுப் போறன், ஐயா."

"நீர் வேதக்காரப் பிள்ளை. உமக்கு இது விளங்காது."

மிஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தா. தண்ணீர் கேட்டா. தண்ணீர் குடிக்க வந்தவ குசினி வாசலில் நின்று வேலியைப் பார்த்தா. நான் பொட்டைக் காட்டவில்லை, அவவே கண்டுபிடித்துவிட்டா. மிஸ் கூப்பிட, கஜனி பிள்ளையை அதற்குள்ளால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மிஸ் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்தா. கை, கால், வாய், பிறகு முதுகு.

"ஆர் இதைக் கொப்பளிப்பான் எண்டு சொன்னது?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"கொப்பளிப்பான் எண்டால் நெஞ்சிலையும் முதுகிலையும்தான் கூடப் போடும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய். கை கால் வாய் நோய் எண்டு சொல்லுறது. வைரஸ். அதுக்கெண்டு மருந்தில்லை, ஒரு கிழமை பத்து நாளிலை தானா மாறும். காய்ச்சலுக்கும் நோவுக்கும் நிறைக்குத் தக்க பனடோல் குடுத்து, குளிர்ந்த தண்ணி, இளநீர், தயிர் எண்டு கொஞ்சங் கொஞ்சமாப் பருக்கியிருந்தால் இதிலை ஒண்டுமில்லை. புளி, உப்பு, உறைப்பு கூடாது. என்ன குடுத்தனீர்?"

"தோடம்பழம்" என்றாள் கஜனி, தான் பிழிந்ததுபோல.

"கடைசியா எப்ப சலம் போனது?"

கஜனி விரலை மடித்து யோசித்தாள். ஐந்து நாள் நித்திரையில்லாதவளுக்கு எங்கே ஞாபகம் வரும். என் வாய்தான் சும்மா இருக்காதே.

"இரவு ஏழு மணிக்குத் தோய்ச்சுப் போட்ட நப்பிதான் கொடியிலை கிடக்குது. அதுக்குப் பிறகு ஒண்டும் நனையேல்லை."

அப்போது காலை பதினொரு மணி. மிஸ் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் விலக்கிவிட்டுத்தான் நடக்கிறேன். பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. மிஸ் ஊசியில்லாத சிறிஞ்சியால் கன்னத்து ஓரமாகத் துளித்துளியாய்த் தண்ணீர் விட்டுப் பார்த்தா. பாதி வெளியே வந்தது.

"இது காணாது. சேலைன் ஏத்தவேணும். இப்பவே போகவேணும்."

பிள்ளையின் கையில் ஒரு சிவப்புக் கிலுக்கு இருந்தது, எச்சிலில் ஊறிப் போய். "வேறை பிள்ளையள் ஆரும் இதை வாயிலை வைச்சதோ?" என்று மிஸ் கேட்டா. அந்தக் கிலுக்கைச் சுருவிலில் இருக்கும் என் மகள் வீட்டிலிருந்து நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். என் பேரனுக்கு அப்போது காய்ச்சலும் வாய்ப்புண்ணும். அவன் கடித்து எறிந்த கிலுக்கு. இங்கே ஒரு பிள்ளை சும்மா இருக்கிறதே என்று எடுத்துவந்தேன். என் வாய் சும்மா இருந்தது அந்த ஒரு தரம்தான்.

கஜனி படலையால் போகவில்லை. என் வளவுக்குள்ளால், போட்டிருந்த வீட்டுச் சட்டையோடு, மிஸ்ஸோடு இறங்குதுறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன், என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமே. பன்னிரண்டரை வள்ளத்தில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கஜனியைக் கண்டதும் முன் வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பினாள்.

"அது அம்மாள் வந்த பிள்ளையெல்லோ. சத்தியபாமா அக்கா சொன்னவ. ஏத்தாதேங்கோ, எங்கடை வீட்டிலையும் குஞ்சு குருமான் இருக்குது."

மிஸ் விளங்கப்படுத்தினா. வள்ளக்காரன் தலையைச் சொறிந்தான். ஆட்கள் இறங்கப் போகிறோம் என்றார்கள். அது அம்மாள் இல்லையாம் என்று நானும் சொன்னேன். சனிக்கிழமை சொன்னதை நம்பிய சனம் திங்கட்கிழமை சொன்னதை நம்பவில்லை. வள்ளம் போய்விட்டது.

மீன்பிடிக்கப் போன பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கரைக்கு வர இரண்டரை மணியானது. அவருடைய படகில்தான் போனார்கள். சோளகக் காற்று. கஜனி பிள்ளையைச் சாக்கால் மூடிப் பிடித்துக்கொண்டு, மிஸ் சொன்னபடி சிறிஞ்சியை விடாமல் பருக்கிக்கொண்டிருந்தாள். படகு தெரியும்வரை அவள் தலை குனிந்தே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் சேலைன் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தது. சிவகரன் கேகாலையிலிருந்து வந்து கட்டிலடியில் நின்று அழுதானாம். ஒரு அறை வாடகைக்குப் பார்க்கிறேன், ஆனி முடிய வந்து உங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போகிறேன் என்றானாம். திரும்பி வந்த கஜனி இதைச் சொல்லும்போது பயணப் பையைக் கட்டிலுக்கு மேலேயே வைத்திருந்தாள். கொடியில் மறுபடியும் எட்டு நப்பி. அம்பலவாணர் மருமகளோடு பேசவில்லை.

ஆனிக் கடைசியில் பிள்ளையின் நகம் கழன்றது. முதலில் பெருவிரல், பிறகு ஒவ்வொன்றாய் அடியிலிருந்து எழும்பி, செதில் மாதிரி விழுந்தது. நோவில்லை, இரத்தமில்லை. அம்பலவாணர் அவற்றை ஒரு வெற்றிலையில் பொறுக்கி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"வேப்பிலைத் தண்ணி வார்க்காமல் கடல் தாண்டினது. அம்மாள் விடுவாவோ?"

மிஸ் திங்கட்கிழமை படலைக்கு வெளியே நின்றே சொன்னா: "இந்த நோய்க்குப் பிறகு சில பிள்ளையளுக்கு ஒரு மாதம் கழிச்சு நகம் கழலும் ஐயா. புது நகம் தானா வரும்." அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மிஸ் கஜனியைப் பார்த்து, "இது வேறை வைரஸாலை இன்னொருக்காலும் வரலாம். வந்தால் உடனை என்னோடை கதையும்" என்றா.

சிவகரனுக்கு வெற்றிலையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அன்று மாலை கஜனி தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள். எனக்காக இல்லை, கை ஈரம். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா சொல்லுறதிலையும் ஒண்டிருக்குது கஜனி. வாற வருசத் திருவிழாவுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறாராம். அதுமட்டும் பிள்ளை தீவை விட்டு வெளிக்கிடக்கூடாதாம்."

"நகம் முளைக்குது. நீங்கள் வந்து பாருங்கோ."

"ஒரு வருசம்தானே."

அவள் ஈரக் கையோடேயே தொலைபேசியை நிறுத்தினாள். அடுத்த நாள் பயணப் பையைக் கழுவி அதே கொடியில் காயப்போட்டாள். ஊரில் அதற்குள் கதை மாறிவிட்டிருந்தது. அம்மாளை மறித்தவள் என்று கஜனிக்குப் பெயர். அந்தக் கதையை யார் தொடக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக இந்த முறை நான் இல்லை.

இப்போது ஐப்பசி. புது நகம் பத்தும் வந்துவிட்டது. நேற்று முன்தினம் ஆரபி இரவெல்லாம் முனகியது. நேற்றுக் காலையில் படலையில் வேப்பிலை. யன்னலுக்கு ஓடினேன். நப்பி நான்கு.

இன்று வெள்ளிக்கிழமை. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "இண்டைக்கே கூட்டிவரச் சொல்லுங்கோ, நான் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலை நிக்கிறன்" என்றா. அதைச் சொல்லப் பின்வளவுக்குப் போனேன். பொட்டு இருந்த இடத்தில் புது ஓலை, இரட்டைக் கட்டு. நீக்கலுக்குள்ளால் கூப்பிட்டேன். கஜனி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கை தொங்கியது, உள்ளங்கையில் சிவப்பு.

"மிஸ் நிக்கிறாவாம் பிள்ளை. நான் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையோடை கதைக்கிறன்."

"வேண்டாம் அக்கா."

"ஏன்?"

"போய்த் திரும்பி வாறது இஞ்சைதானே."

உள்ளேயிருந்து அம்பலவாணர் தோடம்பழம் எங்கே என்று கேட்டார். "வாறன் மாமா" என்று அவள் போய்விட்டாள்.

பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிடம் போய்ச் சொன்னேன். தாய் வராமல் பிள்ளையை எப்படி ஏற்றுவது என்றார். இறங்குதுறையில் இரண்டு பேர் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

பின்னேரம் மூன்று மணி. கொடியில் ஒரு நப்பி கிடக்கிறது. அது நேற்றையது.