பேச்சில் விடுபட்ட பெயர்

இறந்துகிடந்த கணவரின் தாடையைக் கட்டியிருந்த துணியைச் சரிசெய்யும்போதும் நாகலெட்சுமியின் கண் வாசலிலேயே இருந்தது. வருகிறவர்களில் எவள் பேச்சியம்மா?

"கல்லு மாதிரி இருக்காளே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல," என்றாள் ஒருத்தி.

நேற்றுக் காலைதான் அட்டன் கடைத்தெருவில் அவர்களுடைய புத்தகக்கடைக்குப் பத்தாவது ஆண்டு விழா. அதற்கு ஒரு வாரமாகக் கணவர் நல்லமுத்து அடுப்படியில் நின்று நன்றியுரையைப் பேசிப் பழகினார். "தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிச்சிரணும் நாகு. நடுவுல புதுப் புத்தகத்த விக்கப்படாது. எல்லாருக்கும் நன்றின்னா யாருக்கும் ஒட்டாது. பேரயும் சொல்லணும், அவுங்க செஞ்சதயும் சொல்லணும்."

அவர் சொல்ல வைத்திருந்தது மூன்று பேரை. பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் இங்கேயே வாங்கும் தலைமையாசிரியர். பத்து வருடமாகப் பத்திரிகைக்கு வேறு கடை ஏறாத தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை ஜோர்ஜ். மூன்றாவதாக, மழையிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாத பேச்சியம்மா.

"யாருங்க அது?"

"வாடிக்கக்காரி."

அவ்வளவுதான் சொன்னார்.

விழாவில் முதல் இரண்டு பேருக்கும் சந்தனம் கொடுத்து நன்றி சொன்னார். மூன்றாவது பெயருக்கு வாய் திறந்தவர் கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். "பேர் சொல்லாத எல்லாருக்கும்," என்று கும்பிட்டு முடித்துவிட்டார். பொழுது சாய நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

மனைவி முன்னால் சொல்ல முடியாத பெயரா அது? கொழுந்தன் கணேசமூர்த்தியைக் கூப்பிட்டாள். "தூக்குறதுக்கு முன்னாடி அண்ணன் பேசுன நன்றியவே பேசுங்க தம்பி. விட்ட பேரயும் சேத்து, மழையிலயும் ஞாயித்துக்கிழமை தவறாத பேச்சியம்மான்னு."

"சரிங்க மதினி."

யார் முகம் மாறுகிறதென்று பார்த்துவிடலாம்.

அப்போதுதான் தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஒருத்தி வந்து காலடியில் குந்தினாள். நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். "பேச்சியம்மாவா?"

"மெதுவாம்மா! எங்க கணக்கப்பிள்ளை வாசல்ல இருக்காரு. தொழிலாளர் சட்டப் புத்தகம் வாங்கிட்டுப் போயி லயத்து வீடுகள்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறது நான்தான்னு தெரிஞ்சா தோட்டத்துல பேர வெட்டி வேலய விட்டு நிறுத்திருவாங்க. நேத்தும் முன்னாடி உக்காந்திருந்தாரு. சொல்லாதீங்கன்னு தலைய ஆட்டுனேன். ஐயா புரிஞ்சுக்கிட்டாரு."

நாகலெட்சுமி நம்பவில்லை. அந்த முகத்தையே துருவிப் பார்த்தாள். அவள் தேடியது அதில் இல்லை. அந்தக் கண்கள் ஜோர்ஜின் முதுகைவிட்டு நகரவில்லை.

வாசலில் கணேசமூர்த்தியின் குரல் கேட்டது. "தலைமையாசிரியர் ஐயா... நம்ம ஜோர்ஜ் ஐயா... மூணாவதா, மழையிலயும் ஞாயித்துக்கிழமை தவறாம வர்ற—"

நாகலெட்சுமி ஓங்கி ஓலமிட்டாள். பெண்கள் திடுக்கிட்டு, பிறகு கூடவே குரலெடுத்தார்கள். கணேசமூர்த்தி பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஜோர்ஜ் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

ஓலம் ஓயவில்லை. நாகலெட்சுமியின் பிடிக்குள் கறை படிந்த அந்த விரல்கள் அப்படியே இருந்தன.