அம்பு இல்லாத வட்டம்

தேர்வு தொடங்கிச் சற்று நேரம் கழித்து மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மதியழகன். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் மாறி வருகிறவன். வகுப்பில் அதிகம் பேசமாட்டான்.

"மேடம், இந்த சர்க்யூட்ல கரன்ட் சோர்ஸுக்கு அம்பு போடல."

இஃப்ரா அவன் வினாத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் அவள் உதவிப் பேராசிரியை. பணி நிரந்தரம் இன்னும் ஆகவில்லை. மின்சுற்றுக் கோட்பாடு அவளே நடத்தும் பாடம். ஆனால் வினாத்தாள் அவளுடையதல்ல, எச்சோடி என்று எல்லோரும் சொல்லும் துறைத்தலைவர் லோகநாதன் எடுத்தது.

பதின்மூன்று மதிப்பெண் கேள்வி. இரண்டு சன்னல்கள் ஒரே நடுச்சட்டத்தைப் பகிர்ந்துகொண்டதுபோல ஒட்டியிருக்கும் இரண்டு கண்ணிகள். இடப்பக்கம் இருபது வோல்ட் பேட்டரியும் இரண்டு ஓம் மின்தடையும். வலப்பக்கம் மூன்று ஓம். நடுவில், இரண்டுக்கும் பொதுவாக, ஐந்து ஆம்பியர் கரன்ட் சோர்ஸ். வட்டம் இருந்தது, பக்கத்தில் 5A என்றும் இருந்தது. மின்னோட்டம் மேலே போகிறதா கீழே போகிறதா என்று காட்டவேண்டிய அம்பு மட்டும் வட்டத்துக்குள் இல்லை. படத்தை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எங்கேயோ உதிர்ந்திருக்கவேண்டும்.

விதி அவளுக்குத் தெரியும். தேர்வுப் பிரிவுக்கு ஆள் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி, அதன் பிறகே அறிவிக்க வேண்டும். ஆனால் வெளியே உதவியாளர் யாருமில்லை. பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் அவள் நடத்திய கணக்குகள் எல்லாவற்றிலும் அம்பு மேல்நோக்கியே இருந்தது.

"மேல் நோக்கின்னு எடுத்துக்கோங்க," என்றாள்.

மாலையில் தாம்பரம் போகும் வண்டிக்காகக் காத்து நிற்கையில் பக்கத்து அறையில் கண்காணிப்பாளராக இருந்த ஆனந்தன் வந்து சேர்ந்தான். அவனும் அதே துறைதான்.

"நல்லவேளை மேடம், எச்சோடி சாரே ரவுண்ட்ஸ் வந்தாரு. எங்க ரூம்ல ஒரு பொண்ணு அம்பு இல்லன்னு கேட்டுச்சு. கீழ் நோக்கின்னு சொல்லிட்டுப் போனாரு. உங்க ரூமுக்கும் வந்தாரா?"

வரவில்லை என்று சொல்ல இஃப்ராவுக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று ஆனந்தனுக்குப் புரிந்திருக்காது. பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தாள். கண்ணிகளில் மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கண்ணியையும் சுற்றி வோல்டேஜைக் கூட்டுவது வழக்கம். நடுவில் கரன்ட் சோர்ஸ் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். தன் வழியே எவ்வளவு மின்னோட்டம் போகும் என்பதைத்தான் சோர்ஸ் சொல்லும். தன் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு வோல்டேஜ் என்பதைச் சொல்லாது. ஆகவே அந்த நடுச்சட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு கண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்து வெளிவட்டமாகச் சுற்றவேண்டும். அதுதான் சூப்பர்மெஷ். இடக் கண்ணியின் மின்னோட்டம் ஐ-ஒன், வலக் கண்ணியினுடையது ஐ-டூ என்றால், இருபது சமம் இரண்டு ஐ-ஒன் கூட்டல் மூன்று ஐ-டூ. விட்டுப்போன இன்னொரு சமன்பாட்டைச் சோர்ஸே தரும்: இரண்டு மின்னோட்டங்களுக்கும் வித்தியாசம் ஐந்து. எது பெரியது என்பதை அம்பு சொல்லும்.

அம்பு மேலே என்றால் ஐ-ஒன் ஒன்று, ஐ-டூ ஆறு. கீழே என்றால் ஏழும் இரண்டும். இரண்டுமே பின்னம் இல்லாத முழு எண்கள். ஏதாவது ஒன்று அசிங்கமாக வந்திருந்தால் பிள்ளைகளுக்கே சந்தேகம் தட்டியிருக்கும். அதற்கும் வழியில்லை.

இரண்டு விடையையும் ஒத்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாரிடம் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் விடைத்தாள் திருத்தும் நாளே வந்துவிட்டது.

திருத்தும் அறையில் அவளுக்கு வேறு கட்டு கிடைத்தது. அந்தக் கேள்வியுள்ள கட்டு எதிரில் உட்கார்ந்திருந்த ஜெயவேலுவிடம் இருந்தது. அவர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர், வேகமானவர். சிவப்புப் பேனா சரசரவென்று போய்க்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் உங்க பசங்க," என்றார் தலையைத் தூக்காமலே. "பாதிப் பேர் ஒரே தப்பைப் பண்ணிக்கீறானுங்க. ஒன்னும் ஆறுமாம். காப்பி அடிச்சிருப்பானுங்க. ஆன்சர் கீ-ல ஏழும் ரெண்டும்."

"எவ்ளோ போடறீங்க சார்?"

"ரெண்டு. படம் வரைஞ்சதுக்கு."

இஃப்ரா எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். மேலே கிடந்த தாள் யாருடையது என்று தெரியாது. பதிவெண்ணை மறைத்து ஒட்டியிருந்தார்கள். அதை எழுதிய பிள்ளை சூப்பர்மெஷ் என்ற பெயரைக்கூட எழுதவில்லை. சோர்ஸின் வோல்டேஜ் தெரியாது என்பதால் அதற்கு வி-எக்ஸ் என்று பெயர் வைத்து, இரண்டு கண்ணிகளுக்கும் தனித்தனியாகச் சமன்பாடு எழுதியிருந்தது. பிறகு இரண்டையும் கூட்ட, வி-எக்ஸ் அடிபட்டுப்போய் அதே வெளிவட்டச் சமன்பாடு வந்து நின்றது. கோடு போட்டு, ஒன்று, ஆறு. பக்கத்தில் சிவப்பில் 2.

"இந்தக் கட்டை நிறுத்தி வைங்க சார்," என்றாள். "நான் எச்சோடியைப் பாத்துட்டு வந்துடறேன்."

லோகநாதன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். கோபக்காரர் என்று பெயர். ஆனால் கணக்கில் யாரையும் ஏமாற்றமாட்டார், தன்னையும் சேர்த்துத்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். மேல் நோக்கி என்று அறிவித்தது தான்தான் என்பதையும் சொன்னாள்.

"யாரைக் கேட்டும்மா சொன்ன?"

"யாரையும் கேக்கல சார்."

"படத்தைப் பாத்தாலே தெரிய வேணாமா? பேட்டரி இடப்பக்கம் இருக்கு. கரன்ட் அங்கேயிருந்து வந்து நடுவுல கீழ இறங்கறதுதானே இயல்பு?" என்றார்.

"அது ரெசிஸ்டரா இருந்தா சார். இது சோர்ஸ். பேட்டரி எந்தப் பக்கம் இருந்தாலும் அது தன் அஞ்சு ஆம்பியரைத் தள்ளும். எந்தத் திசைன்னு மத்த எதுவும் அதுக்குச் சொல்ல முடியாது."

அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். எந்தக் கணக்கையும் மின்திறனைக் கூட்டிச் சரிபார்ப்பது அவர் வழக்கம். தன் விடையை முதலில் எடுத்துக்கொண்டார். ஏழு, இரண்டு. பேட்டரி தருவது நூற்றிநாற்பது வாட். சோர்ஸ் அதில் முப்பதை வாங்கிக்கொள்கிறது. மின்தடைகளில் நூற்றிப்பத்து. சரி. அடுத்து அவள் விடை. ஒன்று, ஆறு. பேட்டரி இருபது, சோர்ஸ் தொண்ணூறு தருகிறது. மின்தடைகளில் இரண்டும் நூற்றியெட்டும். அவர் பேனா நின்றது.

"இங்கயும் நூத்திப்பத்து," என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"ரெண்டும் சரி."

சன்னலுக்கு வெளியே விமானப்படைத் தளத்தின் பக்கமாக ஏதோ ஒரு விமானம் தாழப் பறந்து போனது.

"ரெண்டு விடைக்கும் மார்க் போடச் சொல்லலாம்," என்றார் அவர். "ஆனா தேர்வுப் பிரிவு ஏன்னு கேக்கும். அம்பு விட்டுப்போச்சுன்னா அது என் தலையில. ஒரு ரூம்ல ஒரு மாதிரி, இன்னொரு ரூம்ல இன்னொரு மாதிரி சொன்னாங்கன்னா உன் தலையிலயும் விழும். உனக்கு இந்த வருஷம் கன்ஃபர்மேஷன் இருக்கில்ல? உன் பேரை விட்டுடலாம். பசங்களே அப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு நான் எழுதிடறேன்."

அவர் அதை நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். இஃப்ராவுக்கு அது தெரிந்ததால்தான் மறுப்பது கடினமாக இருந்தது. ஊரப்பாக்கத்தில் பார்த்து வைத்திருந்த வீடும், 'வேலை பெர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்' என்று கணவன் முதாசிர் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

"ஒரு ரூம் முழுக்க ஒரே மாதிரி எப்படி எடுத்துக்கும் சார்? காப்பி அடிச்சாங்கன்னு ஜெயவேலு சார் இப்பவே சொல்றாரு. நான் சொன்னேன்னு எழுதினாதான் அது போகும்."

லோகநாதன் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "எழுது," என்றார். "நானும் எழுதறேன். ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே தாள்ல இருக்கட்டும்."

அப்படியே ஆனது. விடைக்குறிப்பு திருத்தப்பட்டது, ஜெயவேலு முணுமுணுத்துக்கொண்டே கட்டை முதலிலிருந்து திருத்தினார். இஃப்ராவுக்கு மெமோ வந்தது. பணி நிரந்தரம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. லோகநாதனை அடுத்த தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கவிடவில்லை. அவர் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் நடைவழியில் பார்த்தால் முன்னைவிட ஒரு கணம் கூடுதலாக நின்று போனார்.

மெமோ வந்த இரவு முதாசிர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி விடு, வீடு எங்க ஓடிடப்போகுது," என்றான். தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனவன் அங்கே வெகுநேரம் நின்றான்.

முடிவுகள் வந்த மறுநாள் மதியழகனைத் துறை வாசலில் பார்த்தாள். கேள்வி கேட்டவனே அவன்தான் என்பதால் அவனைத் தேடிச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"அம்பு விஷயம் சரியாயிடுச்சு. ரெண்டு ஆன்சரும் ஒத்துக்கிட்டாங்க."

"தெரியும் மேடம். பசங்க சொன்னாங்க. தேங்க்ஸ்." கொஞ்சம் தயங்கினான். "எனக்கு அரியர் மேடம்."

"எப்படி? அந்தக் கணக்கு?"

"நான் ரெண்டு லூப்பையும் தனித்தனியா போட்டேன் மேடம். சோர்ஸ் வோல்டேஜ் தெரியல. அதனால அங்க ஜீரோ வெச்சேன். ஐ-ஒன் பத்து வந்துச்சு, ஐ-டூ ஜீரோ. வித்தியாசம் அஞ்சு வரலன்னு தெரிஞ்சுது. டைம் இல்ல."

இத்தனை நாள் அவள் மனதில் வைத்து வாதாடிய முகம் இவனுடையதுதான். திருத்திய குறிப்பால் எத்தனையோ பேர் தேறினார்கள், இவன் தேறவில்லை. ஜெயவேலு இவனுக்குப் போட்ட மதிப்பெண் சரியானதே.

"தெரியாததுக்கு ஜீரோ வெக்கக்கூடாதுப்பா," என்றாள். "ஜீரோங்கறதும் ஒரு பதில்தானே. தெரியலன்னா அதுக்கு ஒரு பேர் வெச்சுட்டுப் போகணும், இல்ல அந்தப் பக்கமே போகாம வெளியால சுத்தணும்."

"அப்ப உண்மையிலேயே அங்க எவ்ளோ மேடம் இருக்கும்?"

வலப்பக்கத்தில் ஆறு ஆம்பியர், மூன்று ஓம். பதினெட்டு வோல்ட் என்று சொல்ல வாயைத் திறந்தவள் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கிப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மதியழகன் ஒரு படி தள்ளி உட்கார்ந்து, கால்சட்டைப் பையிலிருந்த ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் சுற்றை வரையத் தொடங்கினான்.